ஏழிலிருந்து கழித்தது எதை?

அன்புள்ள ஐயா,

கோத்தகிரியில் வீட்டில் வைத்தே எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பது பேருக்கு மாலையில் கணக்குச் சொல்லித் தருகிறேன். அடைப்புக்குறியை நீக்கி எழுதும் கணக்குகளில் குறி மட்டும் தவறிக்கொண்டே இருக்கிறது. "மைனஸ் இன்டு மைனஸ் பிளஸ்" என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறார்கள். திங்கட்கிழமை ஒரு தாள் கொடுத்தேன், இருபதும் சரி. வியாழக்கிழமை வேறொரு தாள் கொடுத்தேன், அதே பிள்ளைகள் பழையபடி. கவனக்குறைவு என்று பெற்றோரிடம் சொல்லிச் சொல்லி எனக்கே அதில் நம்பிக்கை போய்விட்டது. இரண்டு நாள் தாள்களையும் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். எங்கேதான் தவறுகிறது?

ம., கோத்தகிரி

அன்புள்ள ம. அவர்களுக்கு,

கவனக்குறைவு இல்லை. கவனம் குறைந்தவர்களின் தவறுகள் தாள் முழுவதும் சிதறிக் கிடக்கும். ஒரு இடத்தில் 3 என்பது 8 ஆகும், இன்னொரு இடத்தில் x விட்டுப்போகும். நீங்கள் அனுப்பிய வியாழக்கிழமைத் தாள்களில் அப்படி இல்லை. ஏழாம் கணக்கில், மைனஸுக்குப் பிறகு வரும் அடைப்புக்குறியின் இரண்டாவது உறுப்பில் பெரும்பாலோர் வரிசையாக வந்து விழுந்திருக்கிறார்கள். இத்தனை பேர் ஒரே குழியில் விழுந்தால் நடந்தவர்களைத் திட்டிப் பயனில்லை.

அந்த ஏழாம் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன்: 7 − 2(x − 3). சரியான விடை 13 − 2x. உங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் எழுதியிருப்பது 7 − 2x − 6, அதாவது 1 − 2x.

நான் நாற்பது வருடம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதியவன். பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்ததில்லை. ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மாலையில் எங்கள் திண்ணைக்கு வருவதுண்டு. அவர்களில் ஒரு பெண் இதே தவறைச் செய்துகொண்டிருந்தாள். ஒருநாள், "விடை வேண்டாம், மனதுக்குள் சொல்வதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுது" என்றேன். அவள் சொன்னது இது: "ஏழு, மைனஸ். ரெண்டு எக்ஸ். உள்ளே மைனஸ் இருக்கிறது. ரெண்டு மூணு ஆறு. மைனஸ் ஆறு."

இதில் எந்தச் சொல் தவறு? 2(x − 3) என்பதை 2x − 6 என்று விரித்தது சரி. ஏழிலிருந்து ஏதோ ஒன்றைக் கழிக்க வேண்டும் என்று நினைவில் வைத்திருந்ததும் சரி. ஆனால் கழிக்க வேண்டியது 2x − 6 என்ற முழு மூட்டையை. அவளோ மூட்டையை அவிழ்த்து 2x-ஐ மட்டும் கழித்துவிட்டு, 6-ஐ அது உள்ளே இருந்த கோலத்திலேயே வெளியே வைத்துவிட்டாள். விரிப்பது, கழிப்பது என்ற இரண்டு வேலைகளை ஒரே வரியில் செய்ததில் நடுவே இருக்க வேண்டிய அடைப்புக்குறி காணாமல் போயிற்று.

அதனால்தான் உங்கள் "மைனஸ் இன்டு மைனஸ்" மந்திரம் இங்கே பலிப்பதில்லை. அவள் பார்வையில் இந்தக் கணக்கில் மைனஸை மைனஸால் பெருக்கும் இடமே இல்லை. பெருக்குவதற்கு 2, பெருக்கப்படுவதற்கு 3, அவ்வளவுதான். முதல் மைனஸ் ஏழுக்குச் சொந்தமானது, இரண்டாவது மூன்றுக்குச் சொந்தமானது. பூட்டு எங்கே இருக்கிறது என்று தெரியாதவளிடம் சாவியை நூறு முறை கொடுத்தோம்.

நான் சொல்வது உங்கள் பிள்ளைகளுக்கும் பொருந்துமா என்று பார்க்க எளிய வழி உண்டு. −2(x − 3) என்பதைத் தனியாகக் கொடுத்துப் பாருங்கள். முன்னால் ஏழு இல்லாதபோது அந்த மைனஸுக்குப் போக்கிடம் இல்லை, 2-உடன்தான் ஒட்டிக்கொள்ள வேண்டும். −2x + 6 என்று சரியாக எழுதிவிட்டு, 7 − 2(x − 3) கொடுத்தால் மட்டும் தவறுகிற பிள்ளைக்கு நான் சொன்ன நோய்தான். இரண்டிலும் தவறினால் பெருக்கலில் வரும் குறியே இன்னும் பழகவில்லை, அதற்கு வேறு வைத்தியம்.

உங்கள் தாள்களில் மூன்று பிள்ளைகள் இந்தக் கூட்டத்தில் இல்லை, கவனித்தீர்களா? நீலமையில் எழுதிய பையனின் விடை 5x − 15. அவன் ஏழிலிருந்து இரண்டை முதலில் கழித்துவிட்டு ஐந்தால் பெருக்கியிருக்கிறான். அது குறிப் பிழையே இல்லை, செயல்களின் வரிசை தவறியது. கடைசி இரண்டு தாள்களை எழுதியவர்கள் இதைச் சரியாகப் போட்டுவிட்டு, அடுத்த கணக்கான −4 − 3(x + 2) என்பதில் −4 − 3x − 6 வரை ஒழுங்காக வந்து, பிறகு −4, −6 இரண்டையும் சேர்த்து +10 ஆக்கிவிட்டார்கள். இது உங்கள் மந்திரம் செய்த வேலை. "மைனஸும் மைனஸும் பிளஸ்" என்று காதில் விழுந்ததைக் கூட்டலுக்கும் போட்டுவிட்டார்கள். பிரம்மகுப்தர் 628-இல் குறை எண்களுக்கு விதி எழுதியபோது அவற்றைக் கடன் என்றே அழைத்தார். இரண்டு கடன்களைக் கூட்டினால் கடன், இரண்டு கடன்களின் பெருக்கல் தனம் என்று தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார். நாம் எல்லாவற்றையும் ஒரே பாட்டாக்கிப் பிள்ளைகள் வாயில் போட்டுவிட்டோம். மந்திரத்தைச் சொல்ல விடுவதானால் "பெருக்கும்போது" என்ற சொல்லையும் சேர்த்தே சொல்லச் சொல்லுங்கள்.

பெரும்பான்மைக்குத் திரும்புகிறேன். செய்ய வேண்டியது ஒரு வரியைக் கூட்டுவது:

7 − 2(x − 3)
= 7 − (2x − 6)
= 7 − 2x + 6
= 13 − 2x

இரண்டாவது வரிதான் மருந்து. முதலில் விரி, ஆனால் மூட்டையை அவிழ்க்காதே. பிறகு கழி. இதில் 6 ஏன் பிளஸ் ஆகிறது என்பதையும் விதி சொல்லாமல் காட்டிவிடலாம். கழிக்க வேண்டியது 2x-ஐ விட 6 குறைவானது. நாம் 2x முழுவதையும் கழித்துவிட்டோம், அதாவது 6 அதிகமாகக் கழித்துவிட்டோம். அதைத் திருப்பித் தர வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு இதைக் கடை வைத்துச் சொன்னேன். ஒரு தேயிலைத்தூள் பாக்கெட் 200 ரூபாய், ஒவ்வொன்றுக்கும் 30 ரூபாய் தள்ளுபடி. இரண்டு வாங்கிக்கொண்டு 500 ரூபாய் நோட்டை நீட்டுகிறாய். மீதி எவ்வளவு? யோசிக்காமல் 160 என்றாள். கடைக்காரர் 500-இல் 400 கழித்து, தள்ளுபடி 60-ஐயும் கழித்து, 40 ரூபாய் கொடுத்தால்? "சண்டை போடுவேன்" என்றாள். நீ தாளில் செய்வதும் அதுதான் என்று 500 − 2(200 − 30) என்பதை எழுதிக் காட்டினேன். சற்று நேரம் பேசவில்லை.

அந்தக் கடையில் அவளுக்கு எவ்வளவு நஷ்டம் என்று பாருங்கள். தள்ளுபடி 60, நஷ்டம் 120. குறி தவறினால் பிழை எப்போதும் அந்த உறுப்பின் இரண்டு மடங்காக வரும், ஏனென்றால் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போவதோடு கையில் இருப்பதும் போகிறது. கணக்குப்பிள்ளைகளுக்கு இது பழைய சங்கதி. மாதக் கடைசியில் பற்றும் வரவும் 3,480 ரூபாய் இடித்தால், அதைப் பாதியாக்கி 1,740 ரூபாய்ப் பதிவு எங்கேயாவது பக்கம் மாறி விழுந்திருக்கிறதா என்று தேடுவோம். பல இரவுகள் அந்தப் பாதிதான் என்னை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. உங்கள் தாளிலும் அப்படியே: 13 − 2x, 1 − 2x இரண்டுக்கும் வித்தியாசம் 12, பாதி 6, குற்றவாளி அந்த 6. எண்கள் எல்லாம் முழு எண்களாக இருந்து வித்தியாசம் ஒற்றைப்படையாக வந்தால் வெறும் குறிப் பிழையாக இருக்க முடியாது. இரண்டு குறிகள் ஒன்றாகத் தவறினாலும் இந்தப் பாதி வித்தை கைகொடுக்காது.

விடையை x-க்கு ஒரு எண் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்வீர்கள் என்று நினைக்கிறேன், தாள் ஓரத்தில் x = 0 என்று பென்சிலில் இருக்கிறது. இந்தக் கணக்கில் பூச்சியத்தைக் கொடுக்காதீர்கள். உள்ளே −3 வரும். பிள்ளை அதே பழக்கத்தில் 7 − 6 = 1 என்று எழுதும். அதன் தவறான விடையான 1 − 2x-உம் பூச்சியத்துக்கு 1 தரும். இரண்டும் பொருந்திவிட்டதே என்று சந்தோஷமாக அடுத்த கணக்குக்குப் போய்விடும். திருடனையே காவலுக்கு வைத்த கதை. அடைப்புக்குறிக்குள் குறை எண் வராத எண்ணாகக் கொடுங்கள். x = 4 என்றால் உள்ளே 1, கணக்கு 7 − 2 = 5. சரியான விடை 13 − 8 = 5. தவறான விடை 1 − 8 = −7, உடனே பல்லிளிக்கும்.

இனி உங்கள் திங்கட்கிழமைத் தாள். இருபது கணக்கிலும் வெளியே மைனஸ். மூன்றாவது கணக்கிலேயே பிள்ளை ஒன்றைக் கண்டுபிடித்திருக்கும்: உள்ளே இருக்கும் குறியை மாற்றிப் போட்டால் சரி என்று டிக் விழுகிறது. மீதிப் பதினேழிலும் அது அடைப்புக்குறிக்கு வெளியே கண்ணை எடுத்திருக்காது. வியாழக்கிழமைத் தாளிலோ முதல் ஆறு கணக்குகளில் வெளியே பிளஸ். உள்ளே இருப்பதை அப்படியே எழுதினால் போதும் என்று கை பழகிய பிறகு ஏழாவதில் மைனஸ் வருகிறது. இருபதுக்கு இருபது வாங்கிய திங்கட்கிழமைதான் உங்களை ஏமாற்றிய நாள்.

அடுத்த தாளில் எண்களை மாற்றாமல் குறிகளை மட்டும் மாற்றிப் பாருங்கள்: 7 + 2(x − 3), 7 − 2(x − 3), 7 − 2(x + 3), −2(x − 3), 7 − (x − 3). எண்கள் ஒன்றாக இருப்பதால் பிள்ளைக்குப் பார்ப்பதற்குக் குறியைத் தவிர வேறு எதுவும் இல்லை. கடைசியில் இருப்பதை விட்டுவிடாதீர்கள். அடைப்புக்குறிக்கு முன்னால் எண் எதுவும் இல்லாததால், பெருக்க ஒன்றுமில்லை என்று அதை வெறும் அலங்காரமாக நினைத்து அழித்துவிடுகிற பிள்ளைகள் உண்டு. எத்தனை கணக்கு என்றால் எட்டு போதும், ஆனால் நடு வரி இல்லாத விடைக்கு மதிப்பெண் கிடையாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். வேகமாகப் போடுகிற பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். கலந்து கொடுத்த தாள்களில் இரண்டு மூன்று முறை தொடர்ந்து சரியாக வந்தபின் அவர்களுக்கு அந்த வரியிலிருந்து விடுதலை கொடுக்கலாம்.

அந்த நீலமைப் பையனை மட்டும் இந்தத் தாளில் சேர்க்காதீர்கள். அவனுக்கு அடைப்புக்குறியே வேண்டாம், முதலில் 7 − 2 × 5 கொடுத்துப் பாருங்கள். 25 என்று சொன்னால் எனக்கு எழுதுங்கள்.