ஒரு கிண்ணம் சேமியா பாயசத்தில் எவ்வளவு கலோரி?

கேள்வி: வீட்டில் ஒரு லிட்டர் நிறைகொழுப்புப் பால், 100 கிராம் சேமியா, 150 கிராம் சர்க்கரை, ரெண்டு மேசைக்கரண்டி நெய், 20 முந்திரி போட்டுப் பாயசம் வைக்கிறோம். என் ஜிம் டிரெயினர் மேக்ரோஸ் கேட்கிறார். ஒரு ஆப் ஒரு கிண்ணம் 180 கலோரி என்கிறது, இன்னொன்று 390 என்கிறது. எதை எழுதுவது? எனக்குச் சர்க்கரை அளவு பார்டரில் இருக்கிறது.

பதில்: இரண்டையுமே எழுத வேண்டாம். அந்த எண்கள் யாரோ ஒருவர் வைத்த பாயசத்துக்கானவை. அவர் எந்தப் பாலை ஊற்றினார், எவ்வளவு நேரம் சுண்டவிட்டார், அவருடைய கிண்ணம் எத்தனை கிராம் பிடிக்கும் என்று அந்தப் பதிவில் இருக்காது. பல ஆப்களில் பயன்படுத்துபவர்களே இப்படிப்பட்ட பதிவுகளைச் சேர்க்கிறார்கள், சரிபார்ப்பவர் இல்லை. உங்கள் கையில் அளவுகள் இருக்கும்போது ஆப்பை நம்ப எந்தக் காரணமும் இல்லை.

முதலில் பாத்திரம் முழுவதையும் கூட்டுவோம். ஒரு லிட்டர் நிறைகொழுப்புப் பாலில் (6 சதவீதக் கொழுப்பு) கொழுப்பு 60 கிராம், புரதம் 32, மாவுச்சத்து 48. இங்கே மாவுச்சத்து என்று நான் சொல்வது சர்க்கரையையும் சேர்த்துத்தான். சேமியாவில் மாவுச்சத்து 75, புரதம் 10, கொழுப்பு 1. சர்க்கரை அப்படியே 150. நெய்யை 30 கிராம் என்று வைத்தால் அது முழுவதும் கொழுப்பு. கடையில் 320 என்ற ரகமாக விற்கும் முந்திரி ஒன்று ஏறக்குறைய ஒன்றரை கிராம் இருக்கும். ஆகவே 20 முந்திரி 30 கிராம், அதில் கொழுப்பு 13, மாவுச்சத்து 9, புரதம் 5. எல்லாம் சேர்த்து மாவுச்சத்து 282, புரதம் 47, கொழுப்பு 104 கிராம். மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9 என்று பெருக்கினால் மொத்தம் சுமார் 2,250 கலோரி.

இனிப் பங்கிடுவது. இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். சமைக்கும் முன்பே காலிப் பாத்திரத்தை எடை போட்டு எழுதி வையுங்கள். பாயசம் இறங்கியதும் பாத்திரத்தோடு எடை போட்டு, காலி எடையைக் கழியுங்கள். போட்ட பொருள்கள் மொத்தம் ஏறக்குறைய 1,340 கிராம். ஆவியாகிப் போனது போக 1,100 மிஞ்சியது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கிண்ணத்தில் 150 கிராம் ஊற்றினால் கலோரி 307, மாவுச்சத்து 38, புரதம் 6, கொழுப்பு 14. அதே பாயசத்தை இன்னும் சுண்டவிட்டு 900 கிராமில் இறக்கியிருந்தால், அதே 150 கிராமுக்கு 375 கலோரி. சுண்டும்போது போவது தண்ணீர் மட்டும்தான். பாத்திரத்தின் மொத்தக் கலோரி மாறாது, ஒவ்வொரு கரண்டியிலும் அது நெருங்கி நிற்கும். ஊற்றும் முன் அடிவரை நன்றாகக் கிளறுங்கள். நெய்யும் முந்திரியும் மேலே மிதக்கும், முதல் கிண்ணம் வாங்குபவருக்கே பாதி போய்விடும்.

மேசைக்கரண்டி என்ற அளவை நம்பாதீர்கள். அளவுக்கரண்டியில் தலைதட்டி எடுத்த உருகிய நெய் 14 கிராமுக்குள்தான். உறைந்த நெய்யைச் சாப்பாட்டுக் கரண்டியில் குவித்து எடுத்தால் அது எளிதாக இரட்டிப்பாகும். நெய் ஜாடியை எடுக்கும் முன்னும் பின்னும் எடை போட்டுக் கழிப்பதே சுலபம்.

உங்கள் கவலை இரத்தச் சர்க்கரை. அதனால் அந்த 38 கிராம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சேர்த்த சர்க்கரை 20, சேமியா 10, பாலின் இயற்கைச் சர்க்கரை ஆறரை, முந்திரி ஒன்றரைக்குள். சர்க்கரையே போடாவிட்டாலும் கிண்ணத்துக்கு ஏறக்குறைய 18 கிராம் நிற்கும். நெய்யையும் முந்திரியையும் பழிசொல்லிப் பயனில்லை, அவை இரத்தச் சர்க்கரையை ஏற்றுபவை அல்ல. கொழுப்பைக் குறைக்க நினைத்தாலும் பெரிய பங்கு பாலுடையது: கிண்ணத்தின் 14 கிராமில் பால் தருவது 8, நெய் 4. டோன்டு பாலுக்கு மாறினால் கிண்ணத்துக்கு 4 கிராம் கொழுப்பும் 37 கலோரியும் குறையும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "சர்க்கரை இல்லாத பாயச மிக்ஸ்" என்று ஆன்லைன் டயட் பிளான் விற்பவர்கள் சிலர் உங்களிடம் தள்ளப் பார்ப்பார்கள், விற்பனையில் அவர்களுக்குக் கமிஷன் உண்டு. பாக்கெட்டின் பின்பக்கத்தில் பொருள் பட்டியலைப் படியுங்கள். மால்டோடெக்ஸ்ட்ரின் இருந்தால் அது சர்க்கரை என்ற பெயரில்லாமலே இரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். அட்டவணையில் உள்ள கணக்கும் பெரும்பாலும் 100 கிராம் உலர்ந்த பொடிக்கு. நீங்கள் ஊற்றும் பால் அதில் இல்லை. சாப்பிடும் நிலையில் உள்ள கிண்ணத்துக்கு எவ்வளவு என்று அச்சிட்டால் இந்தக் குழப்பமே வராது, அதைச் செய்யாமல் தயாரிப்பாளர்கள் பொடி எழுத்தில் ஓர் அட்டவணையோடு விட்டுவிடுகிறார்கள். நாட்டுச்சர்க்கரை, வெல்லம் என்று மாற்றினாலும் மாவுச்சத்துக் கணக்கில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும்: கண்டென்ஸ்டு மில்க். இதைப் பால் கணக்கில் எழுதுபவர்கள் ஏராளம். டின்னில் வரும் இனிப்புச் சேர்த்த கண்டென்ஸ்டு மில்க் 100 கிராமில் மாவுச்சத்து 55 கிராம் அளவுக்கு இருக்கும். அதில் பாலுடையது 11 அல்லது 12தான், மீதி சேர்த்த சர்க்கரை. அரை டின், அதாவது 200 கிராம் ஊற்றினால் 85 கிராம் சர்க்கரையைக் கூடவே கொட்டியதாக அர்த்தம். "சர்க்கரை 100தான் போட்டேன்" என்று நினைத்திருப்பவர் உண்மையில் 185 போட்டிருக்கிறார். ஆகவே டின் ஊற்றுகிற நாளில், வழக்கமான 150 கிராமில் 85 கழித்து 65 மட்டும் போடுங்கள். அப்படிக் கழித்தாலும் டின்னில் உள்ள பாலின் கொழுப்பும் புரதமும், ஒவ்வொன்றும் 16 கிராம் அளவில், கூடத்தான் செய்யும். சரியான எண்ணுக்கு டின் லேபிளில் "சேர்க்கப்பட்ட சர்க்கரை" என்ற வரியைத் தேடுங்கள். "மொத்தச் சர்க்கரை" என்ற வரியில் பாலின் சர்க்கரையும் கலந்திருக்கும்.

மறுநாள் பாயசம் கெட்டியாகிவிட்டது என்று பால் ஊற்றித் தளர்த்தினால் பழைய கணக்கு செல்லாது. பாதிப் பாயசம் மிஞ்சியிருந்தால் 1,125 கலோரி. 200 மில்லி அதே பால் சேர்த்தால் இன்னும் 172, ஆக 1,300 அளவில். எடை 550லிருந்து 756 கிராமாகும். அப்போது உங்கள் 150 கிராம் கிண்ணம் 257 கலோரிதான். ஆனால் தளர்ந்த பாயசத்தைப் பெரிய டம்ளரில் ஊற்றிக் குடிப்பதே வழக்கம் என்பதால், மறுநாளும் எடை இயந்திரத்தில் வைத்தே ஊற்றுங்கள்.