மூன்று பகடையில் கட்டைக்காரரின் கூலி எங்கே இருக்கிறது?

கேள்வி: ஐயா, என் தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறான். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் போனில் சிக்போ என்ற பகடை ஆட்டம் ஆடுகிறான். சில நாள் கிராப்ஸும் ஆடுகிறான். “பெரியது, சிறியது என்று கட்டினால் பாதிக்குப் பாதி, நஷ்டமே வராது” என்கிறான். ஒரே எண் மூன்று விழுந்தால் 150 மடங்கு தருவார்களாம். போன மாதம் ஜெயித்த 19,000 ரூபாய் இன்னும் கைக்கு வரவில்லை. முதலில் வரி கட்டச் சொல்கிறார்கள். இதில் எந்தக் கட்டு நியாயமானது? அந்தப் பணம் கிடைக்குமா? – ஒரு வாசகி, பெருந்துறை.

பதில்: அம்மணி, முதலில் அந்த வரிப் பணத்தைக் கட்டவேண்டாம் என்று இன்றைக்கே தம்பியிடம் சொல்லிவிடுங்கள். இணைய விளையாட்டில் ஜெயித்த பணத்துக்கு வரி என்றால், கொடுக்கிறவர் அதைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவதுதான் முறை. ஜெயித்தவர் கையிலிருந்து தனியாக வரி வாங்கி, அதன் பிறகு பரிசை அனுப்பும் வழக்கம் கிடையாது. அப்படிக் கேட்பவர் இன்னொரு தொகையைப் பறிக்கப் பார்க்கிறார்.

இனி கணக்குக்கு வருவோம். சிறு வயதில் எங்கள் ஊர் மாரியம்மன் நோன்பியில் லங்கர் கட்டை உருட்டுவதை மணிக்கணக்கில் நின்று பார்த்திருக்கிறேன். தரையில் விரித்த ஒரு துணி, அதில் ஆறு படங்கள், தகர டப்பாவுக்குள் மூன்று கட்டை. உங்கள் படம் ஒரு கட்டையில் விழுந்தால் ஒரு மடங்கு, இரண்டில் விழுந்தால் இரு மடங்கு, மூன்றிலும் விழுந்தால் மும்மடங்கு. மூன்று கட்டை, ஆறு படம் என்றால் பாதி வாய்ப்பு நமக்குத்தான் என்று அப்போது நானும் நம்பினேன். சிக்போவில் ஒற்றை எண் மீது கட்டுவது அச்சு அசலாக இதே ஆட்டம்தான்.

ஆறு படத்திலும் ஆளுக்கு ஒரு ரூபாய் வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று கட்டையிலும் வேறு வேறு படம் விழுந்தால், கட்டைக்காரர் மூன்று பேரிடம் வாங்கி மூன்று பேருக்குக் கொடுத்துவிடுகிறார்; அவருக்கு ஒன்றும் மிஞ்சாது. இரண்டு கட்டையில் ஒரே படம் விழும்போது நால்வரிடம் வாங்குகிறார். இரட்டைப் படக்காரருக்கு இரண்டு, மற்றவருக்கு ஒன்று என்று மூன்றுதான் கொடுக்கிறார். ஒரு ரூபாய் அவர் மடியில். மூன்றும் ஒன்றாக விழுந்தால் ஐவரிடம் வாங்கி மூன்று கொடுப்பார். இரண்டு ரூபாய் அவருக்கு. இரட்டை விழும்போது கூட்டம் கைதட்டும். அவருக்குக் கூலி சேர்வதும் அந்த உருட்டில்தான். கூட்டிப் பார்த்தால், கட்டும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சராசரியாக 7 ரூபாய் 87 காசு அவருக்குப் போகிறது.

தம்பி சொல்லும் பெரியது, சிறியது இதைவிட மலிவு. ஆனால் பாதிக்குப் பாதி இல்லை. மூன்று பகடை விழ 216 வகை உண்டு. கூட்டுத்தொகை 11 முதல் 17 வரை பெரியது, 4 முதல் 10 வரை சிறியது. மூன்றும் ஒரே எண்ணாக விழும் 6 வகைகளில் இரண்டு பக்கமும் தோற்கும். ஆகவே ஒரு பக்கம் ஜெயிப்பது 105 வகைகளில், தோற்பது 111 வகைகளில். 216 வகையும் ஒவ்வொரு முறை வருவதாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் 100 ரூபாய் கட்டினால் 21,600 ரூபாய்க்கு 600 ரூபாய் நஷ்டம். 100-க்கு 2 ரூபாய் 78 காசு.

அந்த 150 மடங்குதான் பெரிய பொறி. குறிப்பிட்ட ஓர் எண் மூன்று பகடையிலும் விழுவது 216-இல் ஒரே ஒரு வகை. அதே 21,600 ரூபாயை இதில் போட்டால் ஒருமுறை 15,000 வரும், மற்ற 215 முறையில் 21,500 போய்விடும். 100-க்கு 30 ரூபாய்க்கு மேல் நஷ்டம். சில இடங்களில் 180 மடங்கு தருகிறார்கள். அப்போதும் 16 ரூபாய் போகிறது. குறிப்பிட்ட ஓர் எண் இரண்டு பகடையிலாவது விழும் என்று இரட்டை மீது கட்டினால் ஓரிடத்தில் 10 மடங்கு, இன்னோரிடத்தில் 8 மடங்கு. பார்க்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் 10 என்றால் 100-க்கு 18 ரூபாய் 52 காசு போகும், 8 என்றால் 33 ரூபாய் 33 காசு. விதி அதேதான், பகடை அதேதான். கொடுக்கும் பட்டியலில் ஓர் எண்ணை மாற்றி மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிடுகிறார்கள்.

தம்பி இன்னொன்றையும் கவனிக்கவில்லை. 2 ரூபாய் 78 காசு என்பது அவன் போனில் ஏற்றிய பணத்துக்கு அல்ல, கட்டும் ஒவ்வொரு கட்டுக்கும். அரை நிமிடத்துக்கு ஓர் உருட்டு என்றால் ஒரு மணி நேரத்தில் 120 உருட்டு. 50 ரூபாய் வீதம் 6,000 ரூபாய் சுற்றி வருகிறது. கையில் 1,000 மட்டும் இருந்தாலும் அப்படித்தான். பெரியது, சிறியதிலேயே நின்றால் சராசரியாக மணிக்கு 167 ரூபாய் போகும். 8 மடங்கு இரட்டையில் நின்றால் 2,000. நோன்பியில் கட்டைக்காரர் காசு எண்ணிக் கொடுக்கும் நேரமாவது நமக்கு மூச்சுவிட இருந்தது.

கிராப்ஸ் இரண்டு பகடை ஆட்டம். அதில் பாஸ் லைன் என்ற அடிப்படைக் கட்டில் 100-க்கு 1 ரூபாய் 41 காசுதான் போகிறது. முதல் உருட்டில் 7 அல்லது 11 ஜெயம். 2, 3, 12 தோல்வி. வேறு எண் வந்தால், 7 விழுவதற்கு முன் அதே எண் மறுபடி விழவேண்டும். அப்படி எண் நின்ற பிறகு அதற்குப் பின்னால் வைக்கும் ஆட்ஸ் கட்டு ஒன்று மட்டும்தான் இந்த இரண்டு ஆட்டத்திலும் முழுக்க நியாயமானது. நின்ற எண் 4 என்றால் 4 விழ 3 வகை, 7 விழ 6 வகை. சரியாக இரண்டு மடங்கு தருகிறார்கள், ஒரு காசு பிடிப்பதில்லை. ஆனால் பாஸ் லைனில் கட்டாமல் அதைத் தொட முடியாது. அடுத்த உருட்டிலேயே 7 விழும் என்று கட்டுவது நேர் எதிர்: 5 மடங்கு தரவேண்டிய இடத்தில் 4 மடங்கு தந்து, 100-க்கு 16 ரூபாய் 67 காசு எடுத்துக்கொள்கிறார்கள்.

இத்தனை கணக்கும் பகடை நேர்மையாக விழுந்தால் மட்டும்தான். தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டுச் சட்டப்படி பணம் வைத்து ஆடும் இணையச் சூதாட்டத்துக்குத் தடை இருக்கிறது. ஆடுபவருக்கே மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். 2025-இல் மத்தியச் சட்டமும் பண ஆட்டங்களை நடத்துவதைத் தடை செய்துவிட்டது. தடையை மீறி நடக்கும் செயலியின் பகடையைச் சோதிக்க இங்கே எந்த அதிகாரியும் இல்லை. 105-க்கு 111 என்ற கணக்கையாவது அவர்கள் மதிக்கிறார்களா என்று தம்பியால் அறியவே முடியாது.

அந்த 19,000 ரூபாயைப் பற்றி உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு வழியில்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆவது பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. ஜெயித்த பணத்தைக் கேட்டு வழக்குப் போட முடியாது. ஆனால் வரி என்று பொய் சொல்லிப் பணம் பறிப்பது மோசடி. தம்பி ஏற்கெனவே ஏதாவது அனுப்பியிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் சொல்லுங்கள். பணம் போன தேதி, நேரம், பரிவர்த்தனை எண், பெற்றவரின் யுபிஐ முகவரி ஆகியவற்றைக் கையில் எழுதி வைத்துக்கொண்டு அழையுங்கள். அந்தக் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துவிடுவதற்கு முன் முடக்கினால்தான் திரும்பி வர வாய்ப்பு உண்டு.