உப்புத் தண்ணீர், வினிகர், மஞ்சள்: காலுக்கு எது ஆகும், எது ஆகாது?

நான் கால் புண்களுக்குக் கட்டுப் போடும் பிரிவில் பல வருடமாகச் செவிலியராக இருக்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பித்தவெடிப்புக்காகத் தினமும் ராத்திரி வெந்நீரில் கை நிறைய உப்புப் போட்டு அரை மணி நேரம் காலை ஊற வைக்கிறேன். ஒரு மாதமாகிறது. வெடிப்பு கூடித்தான் இருக்கிறது. உப்பு போதவில்லையா?

உப்பு போதாமல் இல்லை, நேரம்தான் அதிகம். நாம் நிற்கும்போது குதிகாலின் சதை ஓரமாகப் பிதுங்கும். அங்கே தோல் காய்ந்து தடித்திருந்தால் அதோடு சேர்ந்து விரியாமல் பிளந்துவிடும். ஆகவே தேவை ஈரப்பசை. சூடான உப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறினால் தோலில் இருக்கிற எண்ணெய்ப் பசையும் போய்விடும், காலை எடுத்ததும் முன்பைவிட மோசமாக வறண்டுபோகும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் போதும், உப்பே இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தடித்த இடத்தைப் பியூமிஸ் கல்லால் லேசாகத் தேய்த்துவிட்டுத் துணியால் ஒற்றி எடுங்கள். தோலில் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே யூரியா கலந்த கிரீமோ வெறும் பெட்ரோலியம் ஜெல்லியோ தடவிப் பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு படுங்கள். வேலை செய்வது இந்தக் கடைசிப் படிதான். பிளேடால் சீவ வேண்டாம். வெடிப்பில் ரத்தம் கசிந்தால் ஊற வைப்பதை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

கேள்வி: சேற்றுப்புண்ணுக்கு விரலிடுக்கில் வினிகரை அப்படியே ஊற்றுகிறேன். பயங்கரமாக எரிகிறது. எரிந்தால் கிருமி சாகிறது என்றுதானே அர்த்தம்?

எரிவது உங்கள் தோல்தான், கிருமி இல்லை. இடுக்கில் தோல் உரிந்து பச்சையாக இருக்கும்போது அமிலம் பட்டால் புண் ஆழமாகும்.

வினிகர் சுத்தப் பொய் என்று சொல்ல மாட்டேன். இடுக்கில் பச்சை நிறமும் ஒரு மாதிரி வாடையும் இருந்தால் அது பெரும்பாலும் பாக்டீரியா. அதற்கு நீர்த்த வினிகரில் நனைக்கச் சில தோல் மருத்துவர்களே சொல்வதுண்டு. ஆனால் ஒரு பங்கு வினிகருக்கு நாலு பங்கு தண்ணீர், பத்து நிமிடம், அதுவும் தோல் பிளந்திருக்காவிட்டால்தான். சாதாரணச் சேற்றுப்புண் பூஞ்சையால் வருவது. அதற்குக் குளோட்ரிமசோல் அல்லது டெர்பினஃபின் கிரீம்தான் நேர்வழி. இடுக்கை நன்றாக உலர்த்திவிட்டுத் தடவுங்கள். அரிப்பு நின்றதும் கிரீமை நிறுத்திவிடுவதால்தான் பாதிப் பேருக்குத் திரும்ப வருகிறது. கிரீம் உறையில் எத்தனை நாள் என்று போட்டிருக்கிறதோ அத்தனை நாளும் தடவுங்கள்.

கேள்வி: மஞ்சள் கிருமிநாசினி, ஆய்விலேயே நிரூபித்திருக்கிறார்கள். அப்பாவுக்கு வயது 67, சர்க்கரை இருக்கிறது. கட்டை விரலுக்கு அடியில் சின்னப் புண். ஆறு நாளாக மஞ்சளைக் குழைத்துப் போடுகிறேன். மேலே காய்ந்துவிட்டது, வலியும் இல்லை. இன்னும் எத்தனை நாள் போட வேண்டும்?

இன்றோடு நிறுத்துங்கள். நீங்கள் சொல்வது பாதி சரி. மஞ்சளில் உள்ள குர்குமினுக்கு ஆய்வுக்கூடத்தில் கிருமியை அடக்கும் தன்மை இருப்பது உண்மை. ஆனால் சமையலுக்கு அரைத்த தூள் கிருமி நீக்கியது இல்லை. குழைத்துப் போட்டது காய்ந்து ஓடுபோல மூடிக்கொள்ளும், அடியில் சீழ் கோர்த்தாலும் தெரியாது. அதைவிடப் பெரிய தொல்லை நிறம். புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுகிறதா என்று பார்த்துத்தான் நாங்கள் முடிவெடுப்போம். மஞ்சள் கறை அதை மறைத்துவிடுகிறது. கட்டுப் பிரிக்கும்போது இந்த மஞ்சள் ஓட்டை ஊற வைத்து எடுக்கவே எனக்கு கால் மணி நேரம் போயிருக்கிறது.

உள்ளங்காலில் புண் இருந்தும் அதை ஊன்றி நடப்பவருக்கு வலிக்கவில்லை என்றால் நரம்பு மரத்திருக்கலாம். இப்ஸ்விச் தொடு சோதனை என்று ஒன்று இருக்கிறது, வீட்டிலேயே செய்யலாம். அப்பா கண்ணை மூடிக்கொள்ளட்டும். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அவருடைய கட்டை விரல், நடுவிரல், சுண்டு விரல் நுனிகளைத் தொடுங்கள். இரண்டு காலிலும் சேர்த்து ஆறு இடம். ஒன்றிரண்டு நொடி பூப்போல வைத்து எடுக்க வேண்டும், அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. ஆறில் இரண்டு இடம் தெரியாவிட்டாலே உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று கணக்கு.

புண்ணை ஊற வைக்காமல், கொதித்து ஆறிய தண்ணீரை மேலே ஊற்றிக் கழுவிச் சுத்தமான காஸ் துணி வைத்துக் கட்டுங்கள். ஓடு தானாக வந்தால் வரட்டும், சுரண்டாதீர்கள். அந்தக் காலை ஊன்றாமல் பார்த்துக்கொண்டு நாளைக்குள் மருத்துவரிடம் காட்டுங்கள். வீக்கம், சூடு, வாடை, காய்ச்சல், கறுப்பு நிறம் இதில் எது இருந்தாலும் நாளை வரை பொறுக்க வேண்டாம், இன்றே போங்கள். அப்புறம், அவர் போடும் செருப்புக்குள் கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

கேள்வி: சர்க்கரை உள்ளவர்களுக்கு உப்புத் தண்ணீர் கூடாது என்று எங்கோ படித்தேன். அதனால் அம்மா சாப்பாட்டில் உப்பையே நிறுத்திவிட்டார். சரிதானே?

அது வேறு, இது வேறு. சாப்பாட்டு உப்பு எவ்வளவு என்பதை அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். காலை ஊற வைக்க வேண்டாம் என்பது முக்கியமாகச் சூட்டுக்காகவும், ஊறிய தோல் எளிதில் பிய்யும் என்பதற்காகவும். மரத்த கால் கொதிக்கிற தண்ணீரையும் இதமாக இருக்கிறது என்றே சொல்லும், கொப்புளம் மறுநாள்தான் கண்ணில் படும். காலைக் கழுவ எடுக்கும் தண்ணீரில்கூட முதலில் முழங்கையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எப்சம் உப்பை ஒதுக்காதீர்கள். மெக்னீசியம் தோல் வழியாக உள்ளே போய் வீக்கத்தை எடுக்கிறது. எனக்கே குணமாகியிருக்கிறது.

நாள் முழுக்க நின்ற காலுக்கு இதமாக இருந்திருக்கும், அதை மறுக்கவில்லை. உப்பா, வெதுவெதுப்பா, காலை அசைக்காமல் உட்கார்ந்த பதினைந்து நிமிடமா, எது இதம் தந்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. தோல் வழியாகப் பலன் தரும் அளவுக்கு மெக்னீசியம் உள்ளே போகிறது என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. தோல் நன்றாக இருந்து, உணர்ச்சியும் இருந்தால் செய்துகொள்ளுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிக் கெண்டைக்கால் வலித்தால் அது ரத்தக் கட்டியாக இருக்கலாம். அப்போது ஊறவும் வேண்டாம், நீவவும் வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: கால் ஆணிக்கு வினிகரில் பஞ்சை நனைத்து வைத்து, மேலே பிளாஸ்டர் ஒட்டி ராத்திரி முழுக்க விடலாமா?

வேண்டாம். மூடி வைத்த அமிலம் ஆணியைச் சுற்றியுள்ள நல்ல தோலையும் வெந்துபோக வைக்கும். ஆணி வருவது செருப்பு அழுத்துவதால். அந்த அழுத்தம் போகாமல் எதைப் போட்டாலும் திரும்ப வரும்.

கேள்வி: 67 வயது அப்பாவைப் பற்றிக் கேட்டவன்தான். தொட்டுப் பார்த்ததில் ஆறில் நாலு இடம் தெரியவில்லை. செருப்புக்குள் ஒரு ஆணி முனை நீட்டிக்கொண்டிருந்தது, அவருக்குத் தெரியவே இல்லை. மருத்துவர் அந்த மஞ்சள் ஓட்டை எடுத்ததும் உள்ளே குழி. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறது, இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்கிறார். நன்றாக இருந்தால் எதற்கு மறுபடி?

எலும்பில் சீழ் பிடித்திருந்தால் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது. தெரிய இரண்டு வாரம்கூட ஆகும். எலும்பைத் தொட்டிருக்கிறதா இல்லையா என்பதை இந்த எக்ஸ்ரேயை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, அதனால் அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள். அதுவரை அந்தக் கால் தரையை ஊன்றாமல் இருக்க என்ன போடுவது என்று மருத்துவரிடமே கேளுங்கள். ஆணி முனையைத் தட்டி மடக்கிவிட்டு அதே செருப்பைப் போட விடாதீர்கள்.