மாத முடிவில் டாலர் பாக்கி: மறுமதிப்பீடு பற்றிய கேள்விகளுக்குப் பதில்கள்

மேடம், எங்கள் கணக்கு யூரோவில். டாலர் வாடிக்கையாளர் ஒருவரின் இன்வாய்ஸுக்கு மார்ச்சில் 200 யூரோ லாபம், ஏப்ரலில் பணம் வந்ததும் இன்னொரு 100 யூரோ லாபம். கூட்டினால் 300. ஆனால் கையில் கணக்குப் போட்டால் 100தான் வருகிறது. எது சரி?

உங்கள் கைக்கணக்குதான் சரி. நீங்கள் அனுப்பிய எண்களையே வைத்துப் பார்ப்போம். இன்வாய்ஸ் 10,000 டாலர். பதிந்த நாளில் ஒரு டாலர் 0.90 யூரோ, ஆக 9,000. மார்ச் 31 அன்று ரேட் 0.92, மதிப்பு 9,200. அந்த 200 வித்தியாசத்தைத்தான் மறுமதிப்பீடு, அதாவது பாக்கியை மாத முடிவு ரேட்டில் மீண்டும் மதிப்பிடும் வேலை, லாபமாகப் பதிந்தது. ஏப்ரல் 20 அன்று 0.91 ரேட்டில் பணம் வந்தது, 9,100 யூரோ.

பணம் வரும்போது சிஸ்டம் மார்ச் 31 மதிப்பைப் பார்ப்பதில்லை. முதல் நாள் பதிந்த 9,000த்தோடு ஒப்பிட்டு 100 லாபம் என்று எழுதிவிடும். அதனால்தான் மார்ச் பதிவை ஏப்ரல் 1 அன்று திருப்பிப் போட வேண்டும், இதுதான் ரிவர்சல். மார்ச்சில் கூட்டல் 200, ஏப்ரல் 1இல் கழித்தல் 200, ஏப்ரல் 20இல் கூட்டல் 100. மொத்தம் 100. உங்களிடம் நடுவில் இருக்க வேண்டிய அந்தப் பதிவு இல்லை.

எங்கே போயிற்று என்றால், பெரும்பாலும் ஏப்ரல் பீரியட் அப்போது திறக்கப்பட்டிருக்காது. மார்ச் பதிவு உள்ளே போய்விடும், ரிவர்சல் பிழையில் நின்றுவிடும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இதை உறுதிசெய்ய, மறுமதிப்பீட்டுச் சரிக்கட்டல் கணக்கைத் திறந்து பாருங்கள். ரிவர்சல் ஒழுங்காக நடந்திருந்தால் ஏப்ரல் 1 மாலை அங்கே பூஜ்யம் இருக்கும். உங்களிடம் 200 நிற்கும். இன்வாய்ஸ் தீர்ந்துவிட்டது, ஆனால் அதன் பெயரில் ஒரு சரிக்கட்டல் மட்டும் மிச்சம். அந்தப் பதிவை இப்போது திருப்பிவிடுங்கள். ஏப்ரல் மூடிவிட்டதென்றால் திறந்திருக்கும் மாதத்தில் போடலாம். வாடிக்கையாளர் கணக்கில் மட்டும் கையால் கைவைக்காதீர்கள்.

நீங்கள் சொன்னபடி ரிவர்சல் போட்டால் ஏப்ரலில் 100 யூரோ நஷ்டம் காட்டுமே? பணம் லாபத்தில்தானே வந்தது? அதனால் நாங்கள் ரிவர்சலை நிறுத்திவிட்டோம்.

ஏப்ரலில் 100 நஷ்டம் என்பது உண்மையே. அந்த மாதத்துக்குள் டாலர் 0.92இலிருந்து 0.91க்கு இறங்கியது. 10,000 டாலருக்கு அது 100 யூரோ. மார்ச்சிலேயே 200 லாபம் அறிக்கையில் போய்விட்டது, அதில் பாதி ஏப்ரலில் திரும்பிப்போனது. மேலாளரிடம் இரண்டு மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், புரிந்துவிடும்.

ரிவர்சல் இல்லாமலும் வேலை செய்யும் முறைகள் உண்டு. அவற்றில் சிஸ்டம் ஏற்கெனவே எவ்வளவு மறுமதிப்பீடு ஆகியிருக்கிறது என்று ஒவ்வொரு ஐட்டத்துக்கும் நினைவில் வைத்து, அடுத்த முறை வித்தியாசத்தை மட்டும் பதியும். பணம் வந்து தீரும்போது பழையதைக் கழித்துக்கொள்ளும். அப்படி அமைக்கப்படாத சிஸ்டத்தில் ரிவர்சலை மட்டும் நிறுத்தினால், முந்தைய கேள்வியில் நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும்.

வங்கியும் அதே மாதிரிதானே, எல்லாவற்றுக்கும் ரிவர்சல் போட்டால் சுத்தமாக இருக்கும்? எங்கள் டாலர் கணக்கில் இப்போது டாலர் பூஜ்யம், ஆனால் யூரோ மைனஸ் 1,500 என்று நிற்கிறது. போன மாதமும் இதையே பார்த்தேன்.

பாதி சரி. பாக்கி இன்வாய்ஸுக்கு ரிவர்சல் தேவை, காரணம் அது ஒருநாள் தீரும்போது சிஸ்டமே லாபத்தைக் கணக்கிட்டு எழுதும். வங்கிக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. 50,000 டாலர் 0.90இல் உள்ளே வந்தது, 45,000 யூரோ. வெளியே போனபோது ரேட் 0.93, போனது 46,500 யூரோ. டாலர் தீர்ந்துவிட்டது, 1,500 யூரோ மைனஸாக மிச்சம். வந்ததைவிட அதிக மதிப்புக்கு வெளியே போனதால் அது உங்களுக்கு உண்மையில் கிடைத்த லாபம். அதைப் பதிய மாத முடிவு மறுமதிப்பீட்டைத் தவிர வேறு இடமில்லை.

இதை மாதாமாதம் ரிவர்ஸ் செய்தால் அந்த மைனஸ் ஒவ்வொரு 1ஆம் தேதியும் உயிர்த்தெழும். அதனால் வங்கி இருப்புக்கு ரிவர்சல் வேண்டாம் என்று நான் சொல்வேன். பதிவு யூரோவில் மட்டும் போகட்டும், டாலர் பத்தியைத் தொடாமல். அப்புறம் சரிபார்க்கும் வழி எளிது: டாலர் இருப்பை மாத முடிவு ரேட்டால் பெருக்குங்கள், கணக்கில் உள்ள யூரோவோடு அது பொருந்த வேண்டும். உங்கள் விஷயத்தில் பூஜ்யம் பூஜ்யமாக வர வேண்டும்.

அக்கா, நாங்கள் சப்ளையருக்குக் கொடுத்த டாலர் அட்வான்ஸையும் சேர்த்தே மறுமதிப்பீடு செய்கிறோம். டாலரில் இருப்பதெல்லாம் டாலர்தானே?

டாலரில் கொடுத்தாலும் உங்களுக்கு வரப்போவது பொருள், டாலர் அல்ல. சர்வதேசக் கணக்கியல் தரநிலையான ஐஏஎஸ் 21 மாத முடிவு ரேட்டில் மாற்றச் சொல்வது பணமாகத் தீரும் பாக்கிகளை மட்டும்தான். பொருளுக்கான அட்வான்ஸ் கொடுத்த நாளின் ரேட்டிலேயே நிற்கும். சிஸ்டத்தில் அட்வான்ஸுக்குத் தனி லெட்ஜர் கணக்கு வைத்து, அதை மறுமதிப்பீட்டுத் தேர்விலிருந்து நீக்கிவிடுங்கள். சாதாரண சப்ளையர் கணக்கிலேயே கலந்து கிடந்தால் சிஸ்டத்துக்கு வித்தியாசம் தெரியாது.

(அதே கேட்டவர்) ஒரு ஆர்டரை ரத்து செய்யப் பேசிக்கொண்டிருக்கிறோம், பணம் திரும்பி வரலாம். அப்போதும் வேண்டாமா?

திரும்பி வருவது உறுதியானதும் அது பணப் பாக்கி ஆகிவிடும், அன்றிலிருந்து மறுமதிப்பீடு உண்டு. ஆனால் "பேசிக்கொண்டிருக்கிறோம்" என்ற நிலையில் எந்த நாளை எடுப்பது என்பதில் எனக்கே ஒரே பதில் கிடையாது. ரத்துக் கடிதம் வந்த நாளை எடுத்தவர்களையும், சப்ளையர் ஒப்புக்கொண்ட நாளை எடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். தொகை பெரிதென்றால் தணிக்கையாளரிடம் மாதம் முடியும் முன்பே கேட்டுவிடுங்கள்.

வெளிநாட்டுக் கிளை நிறுவனத்தின் லாப நட்டக் கணக்கை சராசரி ரேட்டில் மாற்றுகிறோம். இந்த மறுமதிப்பீட்டிலும் சராசரியே போடலாமா?

இது வேறு வேலை. நீங்கள் சொல்வது குழுமக் கணக்குக்காக ஒரு முழு நிறுவனத்தின் கணக்கை வேறு நாணயத்துக்கு மாற்றுவது. பாக்கி இருப்பை மறுமதிப்பீடு செய்ய அறிக்கைத் தேதியின் ரேட் மட்டும்தான், சராசரி இல்லை.

எஸ்ஏபியில் மறுமதிப்பீட்டுக்கான FAGL_FCV ஓட்டினேன். முடிவு நான் எதிர்பார்த்த அளவுக்குப் பக்கத்தில் வருகிறது, ஆனால் சரியாகப் பொருந்தவில்லை. எங்கே தேடுவது?

பக்கத்தில் வருகிறது என்றால் முதலில் ரேட்டைப் பாருங்கள். 31ஆம் தேதிக்கு ரேட் உள்ளிடவில்லை என்றால் சிஸ்டம் பிழை காட்டாது, அதற்கு முன் கடைசியாக இருந்த ரேட்டை எடுத்துக்கொண்டு போய்விடும். ரேட் உள்ளிடும் OB08 திரையில் அந்த நாணய ஜோடிக்கு 31ஆம் தேதியிட்ட வரி இருக்கிறதா என்று பாருங்கள். மதிப்பீட்டு முறையில் சொன்ன ரேட் வகையும் அந்த வரியின் வகையும் ஒன்றாக இருக்கட்டும். யென் போன்ற நாணயத்தில் நூறு மடங்கு தவறினால் அது ரேட் ஒரு யென்னுக்கா நூறு யென்னுக்கா என்ற விகித அளவுப் பிரச்சினை, அது பக்கத்தில் வராது, கண்ணை உறுத்தும்.

ரேட் சரி என்றால் நேரத்தைப் பாருங்கள். மறுமதிப்பீடு ஓடிய பிறகு யாராவது மார்ச் தேதியில் இன்வாய்ஸ் பதிந்திருப்பார்கள். அப்படியே இன்னொரு முறை ஓட்டிவிடாதீர்கள், முதல் ஓட்டத்தின் பதிவுகள் நிற்கும்போது அதே ஐட்டங்கள் இரட்டிப்பாகப் பதியும் வாய்ப்புண்டு. முதல் ஓட்டத்தை ரத்து செய்துவிட்டு, சோதனை ஓட்டமாக ஒருமுறை பார்த்து, அப்புறம் நிஜமாக ஓட்டுங்கள்.