சொல்லச் சொன்னாரா, கேட்டாரா? செட்டிநாட்டு வாசகர்களின் ஆங்கிலச் சந்தேகங்கள்

ஒருவர் கேட்டதையோ சொன்னதையோ இன்னொருவரிடம் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்பதுதான் இந்த முறை வந்த சந்தேகங்கள். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

கானாடுகாத்தானில் ஒரு விடுதியில் வேலை. வெளிநாட்டு விருந்தினர் ‘கேன் வீ சீ தி கிச்சன்?’ என்றார். முதலாளியிடம் ‘ஷி ஆஸ்க்ட் மீ டு சீ தி கிச்சன்’ என்றேன். அவர் ‘சரி, நீ போய்ப் பார்’ என்றார்!

உங்கள் முதலாளி சரியாகத்தான் புரிந்துகொண்டார். ‘ஆஸ்க்ட் மீ டு சீ’ என்றால் பார்க்க வேண்டியது நீங்கள். அந்த ‘மீ’யை எடுத்துவிட்டு ‘ஷி ஆஸ்க்ட் டு சீ தி கிச்சன்’ என்றால் பார்க்க விரும்புவது அவர். ஒரே ஒரு சொல்லில் ஆளே மாறிவிடுகிறார். அவர் கேட்டது அனுமதி என்பதால் ‘ஷி ஆஸ்க்ட் இஃப் தே குட் சீ தி கிச்சன்’ என்றும் சொல்லலாம்.

அதே விருந்தினர் ‘கேன் யூ ஓப்பன் தி டோர்?’ என்றால்? உருவத்தில் கேள்விதான். ஆனால் ‘முடியும்’ என்று சொல்லிவிட்டு நீங்கள் சும்மா நின்றால் அவர் முகம் சுளிப்பார். கதவு திறக்க வேண்டும், அவ்வளவுதான். நாமும் ‘கதவைத் திறக்கச் சொன்னாங்க’ என்றுதானே சொல்வோம்? அதனால் ‘ஷி ஆஸ்க்ட் மீ டு ஓப்பன் தி டோர்.’ ‘இஃப் ஐ குட் ஓப்பன்’ என்பதும் தவறில்லை. பதில் போதுமா, வேலை நடக்க வேண்டுமா என்று பார்த்தால் குழப்பம் வராது. நேரில் சொன்ன ‘ப்ளீஸ்’ இங்கே தேவையில்லை. ‘ஆஸ்க்ட்’டிலேயே பணிவு இருக்கிறது.

‘செருப்போடு வளவுக்குள் வராதீங்க’ என்று ஆச்சி சொன்னதை எப்படிச் சொல்வது? ‘ஷி டோல்ட் டு டோன்ட் கம்’ சரியா?

இரண்டு பிழை. ‘டோல்ட்’டுக்குப் பின்னால் யாரிடம் என்று வந்தே ஆக வேண்டும். தமிழில் ‘வரச் சொன்னார்’ என்று ஆளை விட்டுவிடலாம், ஆங்கிலத்தில் முடியாது. அப்புறம், மறுப்புக்கு ‘டோன்ட்’ வராது, ‘நாட் டு’தான்: ‘ஷி டோல்ட் தெம் நாட் டு கம் இன் வித் தெயர் ஸ்லிப்பர்ஸ் ஆன்.’

ஆத்தங்குடியில் தரைக்கல் வாங்க வந்தவர் ‘டூ யூ மேக் தீஸ் பை ஹேண்ட்?’ என்றார். ‘ஹி ஆஸ்க்ட் தட் டூ வீ மேக்...’ என்று ஆரம்பித்து நின்றுவிட்டேன்.

‘செய்கிறீர்களா என்று கேட்டார்’ என்பதில் உள்ள ‘என்று’தான் உங்களைத் ‘தட்’டுக்கு இழுத்தது. அந்த ‘ஆ’, ‘என்று’ இரண்டின் வேலையையும் ‘இஃப்’ ஒன்றே பார்த்துவிடும். ‘டூ’ மறைந்து, வினைச்சொல் இறந்த காலத்துக்குப் போகும்: ‘ஹி ஆஸ்க்ட் இஃப் வீ மேட் தெம் பை ஹேண்ட்.’ ‘ஆர் தி டைல்ஸ் டிரை?’ என்றாலும் அப்படியே: ‘இஃப் தி டைல்ஸ் வர் டிரை.’ ‘வர் தி டைல்ஸ்’ என்று திருப்பிப் போட்டால் பழையபடி கேள்வியாகிவிடும்.

அப்பத்தா காப்பி போடச் சொன்னால் ‘ஆர்டர்ட்’ போடலாமா?

வேண்டாம். ‘ஆர்டர்ட் மீ டு’ போலீசுக்கும் நீதிமன்றத்துக்கும் பொருந்தும். வீட்டுக்கு ‘டோல்ட் மீ டு மேக் காஃபி’ போதும். அதிலும் ‘அப்பத்தா ஆர்டர்ட் காஃபி’ என்று சுருக்கினால், அவர் ஏதோ ஹோட்டலில் உட்கார்ந்திருக்கிறார் என்றாகிவிடும்.