‘நம்ம கல்ச்சருக்கு செட் ஆகாது’ என்று கோப்பில் எழுதலாமா?

கேள்வி: திருப்பூரில் 60 பேர் வேலை செய்யும் பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் ஹெச்.ஆர். ஆக இருக்கிறேன். பையரின் ஆர்டரை சாம்பிளிலிருந்து ஷிப்மென்ட் வரை கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலைக்கு வந்த ரெஸ்யூமேக்களில் பலவற்றை எங்கள் எம்.டி. "நம்ம கல்ச்சருக்கு செட் ஆகாது" என்று ஒதுக்குகிறார். அதையே காரணமாகக் கோப்பில் எழுதச் சொல்கிறார். நேற்று ஒதுக்கியது ஒரு பெண்ணுடையது. ஆறு வருஷ அனுபவம், நடுவில் இரண்டு வருஷம் வேலையில் இல்லை. எழுதினால் பின்னால் எனக்குச் சிக்கல் வருமா?

பதில்: வரலாம். அந்த வார்த்தையை மட்டும் எழுதாதீர்கள். பின்னால் யாராவது புகார் கொடுத்தால், "கல்ச்சர் என்றால் என்ன?" என்பதுதான் உங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி. அதற்குப் பதில் இல்லையென்றால், எதிர்த் தரப்பு சொல்லும் அர்த்தம்தான் நிற்கும்.

எம்.டி.யிடம் உட்கார்ந்து இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "இங்கே நன்றாக வேலை செய்யும் மெர்ச்சண்டைசர் தினமும் என்ன செய்கிறார்?" டையிங்கிலிருந்து வந்த துணியில் ஷேடு மாறியிருந்தால் அன்றைக்கே பையரிடம் சொல்கிறாரா, மறைத்து வைக்கிறாரா? பிரிண்டிங் யூனிட்காரரிடம் போனில் சண்டை போடாமல் தேதி வாங்குகிறாரா? யாரும் எழுதிக் கொடுக்காமலே, எந்த வேலை எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்ற டி அண்ட் ஏ பிளானைத் தானே போட்டுக்கொள்கிறாரா? ஒரு நிறுவனத்தின் கல்ச்சர் என்று சட்டத்தின் முன் தைரியமாகச் சொல்லக்கூடியது இதுதான், அதாவது வேலை நடக்கும் விதம். ஆணோ பெண்ணோ, எந்த ஊரோ, எல்லோரையும் இதை வைத்து ஒரே மாதிரி அளக்கலாம்.

இதில் பாதிக்கு மேல் ரெஸ்யூமேவில் தெரியாது. சாம்பிளிலிருந்து ஷிப்மென்ட் வரை எத்தனை ஸ்டைல் பார்த்தார், ஜாப் ஒர்க் யூனிட்களை நேரடியாகக் கையாண்டாரா என்பது தெரியும். கெட்ட செய்தியைச் சொல்வாரா என்பது நேர்காணலில்தான் தெரியும். தெரியாத இடத்தில் நாமே நிரப்பிக்கொள்வதுதான் ஆபத்து. நம் ஊர் பயோடேட்டாவில் அதற்கு இடம் நிறைய இருக்கிறது: அப்பா பெயர், மதம், சாதி, சொந்த ஊர், திருமணமானவரா, ஒரு போட்டோ. இதில் ஒன்றுகூட ஷேடு மாறியதைக் கண்டுபிடிக்க உதவாது.

சரி, சட்டம் எங்கே நிற்கிறது? அரசியலமைப்பின் 16ஆவது பிரிவு அரசு வேலைக்குத்தான். தனியார் நிறுவனத்தை அதை வைத்து நேராக இழுக்க முடியாது. பலர் இதை மட்டும் கேட்டுவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் ஆளெடுக்கும்போது பால் அடிப்படையில் பாகுபாடு காட்டக்கூடாது என்று ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019இன் 3ஆவது பிரிவு சொல்கிறது. அது தனியாருக்கும் பொருந்தும். இதற்கு முன் 1976ஆம் வருஷத்துச் சம ஊதியச் சட்டத்திலும் இந்தத் தடை இருந்தது. தீண்டாமையின் பேரில் ஒருவருக்கு வேலை கிடைக்காமல் தடுப்பது 1955ஆம் வருஷத்துக் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன்படி உங்களைப் போன்ற தனியார் நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும். உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். திருநங்கைகளை ஆளெடுப்பில் ஒதுக்க 2019ஆம் வருஷத்துத் திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இடம் தரவில்லை.

சொந்த ஊர், படித்த கல்லூரி ஆகியவற்றைப் பார்க்கக்கூடாது என்று தனியாருக்கு நேரடியான தடைச் சட்டம் இல்லை. ஆனாலும் விட்டுவிடச் சொல்கிறேன். நம் ஊரில் ஊரையும் தெருவையும் எதற்காகக் கேட்பார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், விசாரிக்கும் அதிகாரிக்கும் தெரியும்.

இப்போது அந்தப் பெண்ணின் ரெஸ்யூமேவுக்கு வருவோம். எம்.டி. மனதில் இருப்பது "குழந்தை இருக்கும், லேட்டாகும்போது நிற்க மாட்டார்" என்பதாக இருந்தால், அது பால் அடிப்படை. இரண்டு வருஷ இடைவெளியுள்ள ஆணிடம் இதே சந்தேகம் எழாது. பெண்களிடம் கடைசி மாதவிடாய் தேதி வரை கேட்ட எல்.ஐ.சி.யின் ஆளெடுப்புப் படிவத்தில் அந்தக் கேள்விகளை நீக்கச் சொல்லி 1991லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஷிப்மென்ட் வாரத்தில் இரவு எட்டு மணி வரை இருக்க வேண்டும் என்பது உண்மையான தேவை என்றால், விளம்பரத்திலேயே போடுங்கள், வருகிற எல்லோரிடமும் கேளுங்கள். இடைவெளியில் பையர் சிஸ்டம் ஏதாவது மாறியிருந்தால், அதைப் பற்றிக் கேட்பதும் நியாயம்தான்.

உங்கள் சொந்தப் பாதுகாப்புக்கு ஒன்று சொல்கிறேன். முதலில் பதில் சொல்ல வேண்டியது நிறுவனம். ஆனால் உங்கள் சம்மதத்தோடோ அலட்சியத்தாலோ நடந்தது என்று நிரூபணமானால் அதிகாரி என்ற முறையில் நீங்களும் பொறுப்பாக நேரும். கோப்பில் இருப்பது உங்கள் கையெழுத்து. அதனால் ரெஸ்யூமேக்களை எம்.டி.க்கு அனுப்பும்போது பெயர், போட்டோ, சொந்த விவரங்களை எடுத்துவிட்டு எண் மட்டும் போட்டு அனுப்புங்கள். ஒதுக்கும் காரணத்தை "சாம்பிள் முதல் ஷிப்மென்ட் வரை தனியாகப் பார்த்த அனுபவம் இல்லை" என்பதுபோல் வேலையின் பெயரால் எழுதுங்கள். அது உண்மையாகவும் இருக்க வேண்டும். மனதில் வேறு காரணத்தை வைத்துக்கொண்டு இதை எழுதினால், அதே குறையுள்ள இன்னொருவரை நீங்கள் எடுத்த அன்றைக்கே குட்டு வெளிப்படும்.

அந்தப் பெண்ணின் ஆறு வருஷத்தில் முழு ஆர்டர் பார்த்த அனுபவம் இருந்தால், ஒதுக்கியதை மாற்றி நேர்காணலுக்குக் கூப்பிடுங்கள். "பையர் அப்ரூவ் பண்ணின பிறகு ஷேடு மாறியது தெரிந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். எம்.டி.யும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும்.