நீர்வளையம் விழுந்த நூபக் ஷூ: தண்ணீரைக் கடைசியில் தொடுங்கள்

கேள்வி: என் மணல் நிற நூபக் ஷூ மழையில் நனைந்தது. காய்ந்த பிறகு முன்பக்கத்தில் கருப்பாக ஒரு வளையம் தெரிகிறது. பக்கவாட்டில் சேறும் இருந்தது. ஈரத்துணியால் துடைத்தேன், அது இன்னும் பரவிவிட்டது. பிரஷ்ஷும் அதற்கான ரப்பரும் வாங்கி வைத்திருக்கிறேன். எதை முதலில் செய்வது? இன்னொரு ஸ்வேட் ஷூவுக்கும் இதே முறை சரிவருமா?

பதில்: முதலில் சேறு, அடுத்து வளையம். இரண்டையுமே உலர்ந்த நிலையில் பிரஷ்ஷாலும் ரப்பராலும் எடுத்துப் பாருங்கள். அப்படியும் வளையம் போகாவிட்டால் மட்டும் தண்ணீர். ஸ்வேட்டுக்கும் வரிசை இதேதான். கையின் அழுத்தம்தான் மாறும்.

அழுத்தம் ஏன் மாறுகிறது என்றால், இரண்டும் தோலின் வெவ்வேறு பக்கங்கள். ஸ்வேட் என்பது தோலின் உட்பக்க நாரைக் கிளப்பி எடுத்தது. நார் நீளமாக இருக்கும், கொஞ்சம் தேய்த்தாலும் தாங்கும். நூபக் தோலின் மேல்பக்கம். அதை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து வெல்வெட் போல ஆக்கியிருப்பார்கள். மேலே நிற்கும் நார் மிகக் குட்டையானது. அதைத் தேய்த்துத் தீர்த்துவிட்டால் கீழே வழவழப்பான தோல்தான் மிஞ்சும், திரும்ப நார் வராது. அதனால் பித்தளைக் கம்பி பிரஷ் உங்கள் நூபக்குக்கு வேண்டாம். கிரேப் ரப்பர் பிரஷ் அல்லது மென்மையான நைலான் பிரஷ் போதும். கம்பி பிரஷ்ஷை ஸ்வேட்டில், அதுவும் அழுந்திப்போன நாரைக் கிளப்புவதற்கு மட்டும், லேசாக ஓட்டலாம்.

சேற்றுக்கு வருவோம். துடைத்ததும் அது பரவியதற்குக் காரணம், களிமண் துகள் அவ்வளவு நுண்ணியது. ஈரத்தில் அது குழம்பாகி நாரின் இடுக்குகளில் அடிவரை இறங்கிவிடும். காயும்போது அதே களிமண் சுருங்கி, வெடித்து, நாரை விட்டுக் கழன்றுகொள்ளும். ஆகவே லேஸைக் கழற்றிவிட்டு, நிழலில், காற்றோட்டமான இடத்தில் ஒரு முழு நாள் விடுங்கள். நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர வேண்டும். பிசுபிசுவென்று ஒட்டினால் இன்னும் காயவில்லை. காய்ந்ததும் இரண்டு ஷூக்களின் அடிப்பாகத்தையும் ஒன்றோடொன்று தட்டுங்கள். கட்டியாக நிற்பதை முனை மழுங்கிய மரக்குச்சியால் பெயர்த்துவிட்டு, பிரஷ்ஷை ஒரே திசையில் ஓட்டித் தூசியை வெளியேற்றுங்கள். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் வெளியே வந்த மண்ணை மறுபடி உள்ளே தள்ளுவீர்கள். மேல்தோல் ஷூவின் அடிப்பாகத்தைச் சந்திக்கும் விளிம்பிலும் தையல் ஓரங்களிலும் மண் ஒளிந்திருக்கும். பழைய, மென்மையான பல்துலக்கும் பிரஷ் அங்கே போகும். இந்த மண்ணை விட்டுவைத்தால் பின்னால் தண்ணீர் தெளிக்கும்போது அது கரைந்து புதுக் கறையாகும்.

நீங்கள் ஏற்கெனவே ஈரத்துணியால் துடைத்திருப்பதால், பிரஷ் போட்ட பிறகும் பக்கவாட்டில் சாம்பல் படிந்தது போல ஒரு மங்கல் இருக்கும். ரப்பரின் வேலை இங்கேதான். ஸ்வேட், நூபக்குக்கென்று விற்கும் கட்டியில் நுண்ணிய பொடி கலந்திருக்கும்; தொட்டால் லேசாகச் சொரசொரப்பு தெரியும். அது இல்லையென்றால் வெள்ளைப் பென்சில் ரப்பர் ஓரளவு உதவும். நிற ரப்பர் வேண்டாம், அதன் சாயம் உங்கள் மணல் நிறத்தில் ஏறிக்கொள்ளும். ஷூவுக்குள் ஒரு கையை விட்டு அந்த இடத்தைப் பின்னாலிருந்து தாங்குங்கள். ரப்பரின் தட்டையான முகத்தை வைத்து, ஒரு விரல்கணு நீளத்துக்குமேல் போகாமல், தாளில் பென்சில் எழுத்தை அழிக்கும் அழுத்தத்தில் பத்து முறை தேய்த்துவிட்டு நிறுத்துங்கள். உதிர்ந்த துணுக்குகளைப் பாருங்கள். அவை கறுத்திருந்தால் அழுக்கு வெளியே வருகிறது என்று பொருள். பிரஷ்ஷால் தட்டிவிட்டு அடுத்த பத்து. ரப்பரின் முகமும் கறுத்துவிடும். அதை ஒரு சொரசொரப்பான தாளில் தேய்த்துச் சுத்தம் செய்யாமல் தொடர்ந்தால், எடுத்த அழுக்கையே திரும்பப் பூசுவீர்கள். துணுக்குகள் ரப்பரின் சொந்த நிறத்திலேயே உதிரத் தொடங்கினால் அந்த இடம் முடிந்தது. அதற்குமேல் தேய்ப்பது தோலைத் தேய்ப்பது.

எப்போது அளவு மீறுகிறது என்பதைக் கண்ணே சொல்லும். ஷூவை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். தேய்த்த இடம் மட்டும் பளபளத்தால் நார் தீர்ந்துகொண்டிருக்கிறது. துணுக்கில் ஷூவின் நிறம் தெரிந்தால் சாயம் வெளியேறுகிறது. இரண்டில் எது தெரிந்தாலும் உடனே நிறுத்துங்கள்.

இனி வளையம். பலரும் அதை அழுக்கு என்று நினைத்து அந்தக் கோட்டையே அழுத்தித் தேய்க்கிறார்கள். நடந்தது வேறு. தண்ணீர் தோலில் பரவும்போது உள்ளே இருக்கும் தளர்ந்த சாயம், பதனிடும்போது ஏறிய பொருள்கள், தூசி எல்லாவற்றையும் கரைத்து, ஈரம் நிற்கும் எல்லை வரை கொண்டுபோகும். அந்த எல்லையில்தான் முதலில் உலரும். கொண்டுவந்ததை அங்கேயே கோடாக விட்டுவிடும். கூடவே, நனைந்த நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்துப் படுத்திருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒரே கறையாகத்தான் தெரியும்.

எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கலாம். வளையத்தின் மேல் பிரஷ்ஷை நார் படுத்திருக்கும் திசைக்கு எதிராக நான்கைந்து முறை ஓட்டுங்கள், பிறகு படுத்த திசையில் ஓட்டுங்கள். ஒரு திசையில் கோடு மங்கி, மறு திசையில் தெரிந்தால் அது பெரும்பாலும் ஒட்டிய நார்தான். பிரஷ்ஷும், கோட்டுக்குக் குறுக்காக லேசாகப் போடும் ரப்பரும் போதும். கெட்டிலின் ஆவியில் ஒரு சாண் தள்ளி, கை சுடாதபடி, சில நொடி காட்டிவிட்டு உடனே பிரஷ் போட்டால் நார் இன்னும் எளிதாக எழும். இரண்டு திசையிலும் அதே கருமை நின்றால் சாயம் உள்ளேயே இடம் மாறியிருக்கிறது. அதை ரப்பரால் எடுக்க முடியாது. அங்கேதான் தண்ணீர் தேவை.

உங்கள் ஷூவில் வளையம் முன்பகுதியில் இருக்கிறது. கறையை மட்டும் நனைத்தால் அதைச் சுற்றி இன்னொரு வளையம் வரும். நனைக்கும் பரப்பின் எல்லை எங்கே முடிகிறதோ அங்கே கோடு விழும் என்பதால், எல்லையைத் தையலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அதாவது, முன்பகுதித் தோல் துண்டு முழுவதும், ஒரு தையலிலிருந்து மறு தையல் வரை நனைய வேண்டும். தையலே இல்லாமல் ஒரே துண்டாகத் தைத்த ஷூ என்றால் மேல்தோல் முழுவதும். மற்றக் காலின் அதே பகுதியையும் நனைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு ஷூவும் இரண்டு நிறமாகத் தெரியும். குதிகால் ஓரத்திலோ நாக்கின் அடியிலோ ஒரு சொட்டு விட்டுக் காயவைத்து, நிறம் மாறவில்லை என்று பார்த்த பிறகே தொடங்குங்கள்.

காய்ச்சி வடித்த நீர் நல்லது, ஏனென்றால் உப்புள்ள நீர் காய்ந்ததும் வெள்ளையாகப் பூக்கும். மென்மையாகத் தெளிக்கும் பாட்டிலில் நிரப்பி, 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, தோல் ஒரே சீராகக் கருக்கும் வரை தெளியுங்கள். சொட்டு வழியக் கூடாது. எங்காவது திட்டாக வெளிறித் தெரிந்தால் அங்கே இன்னும் கொஞ்சம். பழைய கோட்டின் மேல் மட்டும் ஈரமான மென்மையான பிரஷ்ஷைச் சுழற்றாமல் இரண்டு மூன்று முறை நீவி, வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள். துணியில் பழுப்பு இறங்கும். கோட்டில் தேங்கிய சாயம்தான் அது. ஈரத்தில் நார் இளகியிருக்கும், அதனால் இந்த நேரத்தில் ரப்பர் கூடவே கூடாது.

பிறகு அச்சில்லாத வெள்ளைத் தாளைக் கசக்கி உள்ளே அடைத்து, ஷூவின் வடிவம் விழாமல் பாருங்கள். செய்தித்தாளின் மை உள்துணியில் ஏறும். ஒரு மணி நேரத்தில் தாள் ஈரமாகிவிடும், மாற்றுங்கள். வெயில், ஹேர் டிரையர், ஹீட்டர் எதுவும் வேண்டாம். சூட்டில் தோல் நார் சுருங்கி அட்டை போல விறைக்கும், அது மீளாது. சற்றே ஈரம் மிச்சமிருக்கும்போது ஒரு முறை லேசாகப் பிரஷ் போட்டால் நார் ஒட்டாமல் காயும். மறுநாள் முழுக்க உலர்ந்ததும் மீண்டும் ஒரு முறை. வளையம் பாதி மங்கியிருந்தால் இதையே இன்னொரு தடவை செய்யலாம். இரண்டு தடவைக்குப் பிறகும் அப்படியே நின்றால் அது நிறம் போன பிரச்சினை. அதே நிறத்தில் வரும் ஸ்வேட், நூபக் நிற ஸ்பிரே மட்டுமே மறைக்கும்.

ஸ்வேட் ஷூவில் ரப்பரைக் கொஞ்சம் அழுத்தலாம், ஆனால் நார் நீளம் என்பதால் மண் ஆழத்தில் இருக்கும். முதல் பிரஷ் வேலைக்கு இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள். எண்ணெய்க் கறை இருந்தால் அந்த ஷூவில் தண்ணீர் முறையே வேண்டாம்.

நீர்விலக்கி ஸ்பிரே அடிப்பதென்றால் சுத்தம் செய்து முழுக்க உலர்ந்த பிறகு, திறந்த வெளியில், மெல்லிய இரண்டு பூச்சு. முதல் பூச்சு உலர்ந்த பிறகே அடுத்தது. அழுக்கின் மேல் அடித்தால் அழுக்கு அங்கேயே தங்கிவிடும். ஸ்பிரே இருந்தாலும் பெருமழையில் நீர் இறங்கும். அப்படி ஷூ பாதி நனைந்து வீடு வந்தால், உலரும் வரை காத்திருக்க வேண்டாம். ஈரம் இருக்கும்போதே சேறில்லாத தோல் துண்டுகளை மட்டும் தையல் வரை சீராகத் தெளித்து நனைத்து, தாள் அடைத்து நிழலில் வையுங்கள். நடுவில் எல்லை இல்லாததால் வளையம் விழ இடமிருக்காது.